மூன்று வரிக் குறிப்பு

ஒரு பெண்ணுக்கு எழுத வரவில்லை என்று ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னேன். அது பொய். சொல்லும்போதே பாதி தெரியும். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. நடந்ததை முழுவதுமாகச் சொல்கிறேன். படிப்பவர் முடிவு செய்யட்டும்.

அந்த ஆண்டு ஒரே நேரத்தில் இரண்டு தொடர்கதைகளுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். பணத்தாசையும் காரணம், பெயராசையும் காரணம். இரண்டையும் தனியாக எழுத முடியாது என்று மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது. சிறுகதைகள் எழுதிக்கொண்டிருந்த ஒருவரை ஒரு தொடருக்கு இணை எழுத்தாளராகச் சேர்த்துக்கொண்டேன். கதையும் பாத்திரங்களும் காட்சிகளின் வரிசையும் என்னுடையவை. ஒவ்வொரு காட்சிக்கும் நான் குறிப்பு அனுப்புவேன். அவர் எழுதித் தருவார். நான் செப்பனிட்டு அனுப்புவேன். வாரத்துக்கு ஓர் அத்தியாயம், 1,400 சொற்கள், பெரும்பாலும் இரண்டு காட்சிகள். சன்மானத்தில் பாதி அவருக்கு. புத்தகமாகும்போது அவர் பெயரும் இருக்கும். இதுதான் பேச்சு.

முதல் ஐந்து அத்தியாயங்கள் நன்றாகவே போயின. காரணத்தை அப்போது நான் யோசிக்கவில்லை. அந்த அத்தியாயங்களை எல்லாம் நேரில் உட்கார்ந்து பேசியிருந்தோம். காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். உண்மையான குறிப்பு அந்தப் பேச்சுதான். நான் கைப்பட எழுதிக் கொடுத்தது வெறும் ஞாபகச் சீட்டு. ஆறாவது அத்தியாயத்திலிருந்து எனக்கு நேரில் உட்கார நேரமில்லை. சீட்டு மட்டும் போனது.

ஏழாவது அத்தியாயத்தின் இரண்டாவது காட்சிக்கு நான் அனுப்பிய குறிப்பு இது. ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

"பதினாறாம் நாள் மாலை. அண்ணனும் தங்கையும் அம்மாவின் பாத்திரங்களைப் பங்கு பிரிக்கிறார்கள். சோகமாக, ஆழமாக இருக்க வேண்டும்."

அன்றிரவே அவர் போன் செய்தார். மூன்று கேள்விகள் கேட்டார்.

"யார் கண்ணு வழியா பாக்கறோம் சார், அண்ணனா தங்கச்சியா?"

"எவ்வளவு நீளம் வேணும்? போன காட்சி கொஞ்சம் பெருசாயிடுச்சே."

மூன்றாவது கேள்வியை இன்றும் அவர் குரலிலேயே கேட்கிறேன். "அந்தப் பித்தளைக் குடத்துல பேர் வெட்டியிருக்கும்ல சார். யார் பேரு? அம்மாவோட அப்பா பேருன்னா அது பொறந்த வீட்டுச் சீர், பொண்ணுக்குத்தான்னு அவ நெனைப்பா. அவங்க அப்பா பேருன்னா அண்ணன் எடுத்துப்பான். அதை வெச்சுத்தான் ரெண்டு பேரும் எப்படிப் பேசுவாங்கன்னே தெரியும்."

என்னிடம் பதில் இல்லை. குடத்தைப் பற்றி நான் நினைத்திருக்கவே இல்லை. யார் பார்வை என்பதையும் முடிவு செய்திருக்கவில்லை. "தெரியல, யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக எழுதுகிறவன், நான்கு ஆண்டுகளாக எழுதுகிறவரிடம் தெரியவில்லை என்று சொல்வதா என்ற கர்வம். "எழுதிப் பாருங்கம்மா, எழுதும்போது தானா வரும்" என்றேன். பெரிய உபதேசம் போலச் சொன்னேன். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

கர்வத்துக்குக் கீழே ஒரு பயமும் இருந்தது. மனத்தில் இருப்பதை எல்லாம் விவரமாக எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு அந்தக் காட்சியில் என் பங்கு என்ன என்ற பயம். இவர் என்னைவிட நன்றாக எழுதிவிடுவார் என்ற பயம். குறிப்பு மங்கலாக இருக்கும்வரை, வருகிற எழுத்தைத் திருத்தும் உரிமை என்னிடமே இருக்கும்.

நான்கு வரைவுகள் வந்தன. பதினொரு இரவுகள் அவற்றுக்குப் போயின. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறவர் அவர்.

முதல் வரைவு 1,850 சொற்கள். ஒரு பத்தியில் அண்ணன் மனம், அடுத்த பத்தியில் தங்கை மனம். இருவரும் அழுதார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பழைய நினைவு வந்தது. "சீரியல் மாதிரி இருக்கு" என்று மட்டும் பதில் போட்டேன். அவர் என்ன செய்திருக்க முடியும்? சோகம் என்று கேட்டேன், அழுகை வந்தது. ஆழம் என்று கேட்டேன், பழைய நினைவுகள் வந்தன. நீளம் சொல்லவில்லை, இரண்டு காட்சிகளின் இடத்தையும் தாண்டி வந்தது. இரண்டு மனங்களில் எதுவென்று சொல்லவில்லை, இரண்டும் வந்தன.

இரண்டாவது வரைவு 420 சொற்கள். தங்கையின் பார்வை, பெரும்பாலும் பேச்சு. "ஆழமில்லை" என்று எழுதினேன். 700 சொற்கள் வேண்டும் என்ற எண் என் மேசையில், பக்க அமைப்புத் தாளில் இருந்தது. அந்த எண்ணைக்கூட நான் அனுப்பவில்லை. 1,850-ஐத் திட்டினால் ஒருவர் 420-க்குத்தான் போவார்.

மூன்றாவது வரைவு 900 சொற்கள். அண்ணனின் பார்வை. நான்கில் அதுதான் சிறந்தது, எனக்கு அன்றே தெரியும். அண்ணன் ஒவ்வொரு பாத்திரத்தையும் எடையைப் பார்ப்பதுபோலத் தூக்கிவிட்டு, தான் எடை பார்ப்பதாகத் தங்கை நினைத்துவிடுவாளோ என்று சட்டென்று கீழே வைப்பான். அந்த இடத்தில் நான் நிறுத்தி மறுபடி படித்தேன். ஆனால் அந்த வரைவைப் பயன்படுத்த முடியாது. அண்ணன் வீட்டை அடகு வைத்திருக்கிறான், அது ஒன்பதாவது அத்தியாயத்தில்தான் வெளியே வரவேண்டும். அவன் மனத்துக்குள் 900 சொற்கள் இருந்துவிட்டு, அடகைப் பற்றி அவன் ஒருமுறைகூட நினைக்கவில்லை என்றால், ஒன்பதாவது வாரம் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். நினைத்தால் ரகசியம் போய்விடும். ஆக, அந்தக் காட்சிக்கு அண்ணனின் பார்வை முதலிலிருந்தே அடைபட்ட வழி. அதை அறிந்த ஒரே ஆள் நான். அடகு விஷயத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை. வெளியே தெரிந்துவிடும் என்று கூட எழுதுகிறவரிடமே மறைத்தேன். மறைத்துவிட்டு, "பார்வை சரியில்லை" என்று எழுதினேன்.

நான்காவது வரைவை இப்போது படித்தாலும் மனம் கனக்கிறது. எனக்கு என்னதான் பிடிக்கும் என்று ஊகித்து ஊகித்து எழுதியது. முதலாவதிலிருந்து கொஞ்சம், மூன்றாவதிலிருந்து கொஞ்சம். அவருடைய குரலே அதில் இல்லை.

அன்றிரவு நானே உட்கார்ந்து காட்சியை எழுதினேன். மூன்று மணி நேரம். தங்கையின் பார்வை, 710 சொற்கள். சட்டென்று கீழே வைக்கும் அந்த இடத்தைத் தங்கை பார்ப்பதாக மாற்றி எடுத்துக்கொண்டேன். குடத்தின் கழுத்தில் வெட்டியிருந்த எழுத்துகளை அவள் விரலால் தடவிப் பார்ப்பதாக எழுதினேன். அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். அவள் அதைப் பார்த்ததை அண்ணன் பார்க்கிறான், ஒன்றும் பேசாமல் குடத்தை அவள் பக்கம் நகர்த்துகிறான். காட்சியே அந்தக் குடத்தின் மேல்தான் நின்றது. அது அவர் கேட்ட கேள்வி. என்னால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி. அதை எடுத்து என் பெயரில் அச்சேற்றினேன்.

அந்த வாரம் வாசகர் கடிதங்களில் பாதிக்கு மேல் குடத்தைப் பற்றித்தான் வந்தன. எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குடம் இருந்தது என்று எழுதியிருந்தார்கள். ஆசிரியர் போனில் பாராட்டினார். "நீங்களே எழுதினதுன்னு தெரியுது சார். அவங்க எழுதறது எப்படி இருக்கு?" என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன். "ஆர்வம் இருக்கு. எழுத வரல. நாலு தடவை திருப்பி அனுப்பியும் வரல."

நான்கு தடவை என்பது உண்மை. அதனால் மற்றதும் உண்மை போலக் கேட்டது.

எட்டாவது அத்தியாயத்திலிருந்து அவர் இல்லை. சன்மானத்தில் பாதி நின்றது. அந்தப் பத்திரிகையில் அவர் சிறுகதை ஒன்று தேர்வாகிக் காத்திருந்தது, அது கடைசிவரை வரவில்லை. ஆசிரியரிடம் நான் சொன்ன சொல்லால்தான் என்று நிரூபிக்க முடியாது. வேறு காரணம் இருந்திருக்கும் என்று நான் நம்பவும் இல்லை. புத்தகம் வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. ஆறு அத்தியாயங்களில் அவர் எழுதிய வரிகள் இருக்கின்றன.

மூன்று ஆண்டுகள் கழித்து இரண்டாம் பதிப்புக்காகப் பழைய மின்னஞ்சல்களைத் தேடினேன். நான்கு வரைவுகளும் என் குறிப்பும் ஒரே இழையில் அடுத்தடுத்து இருந்தன. வரிசையாகப் படித்தபோதுதான் விளங்கியது. ஒவ்வொரு வரைவும் நான் எழுதிய மூன்று வரிகளுக்கு நேர்மையான விடை. அந்த மூன்று வரிகளிலிருந்து இன்னும் நாற்பது விதமான காட்சிகள் எழுதலாம், நாற்பதையும் நான் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

அன்று ஒரு காரியம் செய்தேன். அந்தக் காட்சிக்கு அவருக்கு நான் அனுப்பியிருக்க வேண்டிய குறிப்பை எழுத உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. எழுதியது இது.

"இடம் வீட்டின் பின்கட்டு. காரியம் முடிந்து உறவினர் எல்லாம் கிளம்பியாயிற்று. விளக்குப் போடும் நேரத்துக்குச் சற்று முன். பாத்திரங்கள் பரணிலிருந்து ஏற்கெனவே இறக்கித் தரையில் இருக்கின்றன, இறக்குவதைக் காட்ட வேண்டாம்.

பார்வை தங்கையுடையது, படர்க்கையில். அவள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத எதுவும் வேண்டாம். கதை சொல்லும் வரிகளிலும் 'அண்ணன்' என்றே வரட்டும், அவன் பெயர் வரவேண்டாம். 'எடுத்தான், வைத்தான்' போதும், 'எடுத்தார்' வேண்டாம், இவள் அவனை நீ என்று அழைக்கிறவள்.

அண்ணன் வீட்டை அடகு வைத்திருக்கிறான். அவளுக்குத் தெரியாது. வாசகருக்கும் இப்போது தெரியக்கூடாது. ஆனால் அவன் இரண்டு முறை சுவரையோ கூரையையோ பார்க்கட்டும். அவள் அதை அம்மாவின் நினைப்பு என்று எடுத்துக்கொள்வாள்.

அழுகை வேண்டாம், பதினைந்து நாளாக அழுதாயிற்று. இருப்பது கூச்சம். எதைக் கேட்டாலும் விலை பேசுவதுபோல் ஆகிவிடுமோ என்ற கூச்சம். இருவரும் 'நீயே எடுத்துக்கோ' என்றுதான் சொல்வார்கள். அந்த அறையில் பெரிய சத்தம் பாத்திரச் சத்தம்தான். வாக்கியங்கள் சிறியதாக. பழைய நினைவு ஒன்றே ஒன்று, இரண்டு வரிக்குள்.

குடத்தில் வெட்டியிருப்பது அம்மாவைப் பெற்றவர் பெயர். குடம் அவள் பக்கம் நகர்ந்ததும் காட்சி முடிகிறது. அதற்குமேல் ஒரு வரியும் வேண்டாம்.

700 சொற்கள், ஐம்பது கூடக் குறையலாம். குடம் 450-க்கு மேல்தான் கண்ணில் படவேண்டும்."

இதை எழுதி முடித்ததும் கசந்தது. ஒன்றரை மணி நேரம். அதற்குப் பதிலாக இன்னொருவரின் பதினொரு இரவுகளை எடுத்திருக்கிறேன்.

இந்தக் குறிப்பில் கடினமானவை எவை என்று சொல்ல வேண்டும். அவற்றைத் தவிர்த்ததுதான் என் குற்றம். 'சோகம்' என்று எழுதுவது உணர்வைக் குறித்ததாகாது. பதினாறு நாள் முடிந்த வீட்டில் சோகம் எல்லா இடத்திலும் இருக்கிறது, அதனால் அந்தச் சொல் எழுதுகிறவருக்கு எந்த வழியையும் காட்டுவதில்லை. 'கூச்சம்' என்றவுடன் அவர்கள் எப்படி உட்காருவார்கள், எதைத் தொடாமல் இருப்பார்கள், குரல் எவ்வளவு தாழும் என்பதெல்லாம் தானாக வரத் தொடங்குகிறது. எது இருக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அழுகை வேண்டாம் என்ற ஒரு சொல், முதல் வரைவில் ஆயிரம் சொற்களை மிச்சப்படுத்தியிருக்கும்.

பார்வை விஷயத்தில் தமிழ் நம்மை ஒளிய விடுவதில்லை. 'வந்தான்' என்று எழுதுவதா 'வந்தார்' என்று எழுதுவதா என்ற இடத்திலேயே யார் பார்க்கிறார்கள் என்பது வெளிப்பட்டுவிடும். அதே மனிதன் மனைவியின் பார்வையில் 'வந்தார்', தமக்கையின் பார்வையில் 'வந்தான்'. முதல் வரைவில் அண்ணன் ஒரு பத்தியில் 'அண்ணன்', அடுத்த பத்தியில் பெயர், மூன்றாவதில் 'அவர்'. அதை அவர் கவனக்குறைவு என்று நான் வட்டமிட்டிருந்தேன். பார்வை முடிவாகாத குறிப்பு எழுத்தில் இறங்கும்போது இப்படித்தான் விகுதிகளில் தெரியும். வட்டமிட வேண்டியது என் குறிப்பை.

நீளமும் வெறும் எண் அல்ல. 700 என்று மட்டும் சொன்னால், 600 சொற்களைப் பாத்திரங்களை அடுக்கச் செலவழித்துவிட்டுக் குடத்தை நூறில் முடித்துவிட வாய்ப்புண்டு. காட்சியின் கனம் எங்கே, அதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்பதும் வேண்டும். சொல் எண்ணுவதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு. ஒருவர் 'பார்த்துக்கொண்டிருந்தாள்' என்று ஒன்றாக எழுதுவார், இன்னொருவர் இரண்டாகப் பிரிப்பார். ஒரே காட்சி இருவர் கணக்கில் பல சொற்கள் தள்ளி நிற்கும். அதனால்தான் ஐம்பது கூடக் குறைய என்ற இடைவெளி.

நான் குணமாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த நாவலில் ஓர் இளைஞர் உடன் எழுதினார். முதல் காட்சிக்கு இந்த மாதிரிக் குறிப்பு கொடுத்தேன், வந்த வரைவில் நான் மாற்றியது பத்து வரிகள்கூட இல்லை. அந்த வெற்றியில் மயங்கி, அடுத்த 700 சொல் காட்சிக்கு 900 சொற்களில் குறிப்பு எழுதினேன். ஒவ்வொரு அசைவும், ஒவ்வொரு பேச்சும். திரும்பி வந்தது என் குறிப்பின் நகல், உயிரில்லாமல். "இதுல எனக்கு எழுத என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். பழைய கர்வமே வேறு வேடத்தில் வந்திருந்தது. முன்பு ஒன்றும் சொல்லாமல் ஆளைக் கட்டினேன், இப்போது எல்லாம் சொல்லிக் கட்டினேன்.

இந்த இழுபறி புதிதல்ல. அமெரிக்காவில் எல்லரி குவீன் என்ற ஒரே பெயரில் துப்பறியும் நாவல்கள் எழுதிய ஃபிரெடரிக் டேனேயும் மேன்ஃப்ரெட் லீயும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். டேனே விரிவான கதைத் திட்டம் எழுதுவார், லீ அதை நாவலாக்குவார். 1940-களின் கடைசியில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 2012-இல் புத்தகமாக வந்தன. திட்டம் போட்டவருக்குத் தன் கதை கெட்டுப்போகிறது என்ற கோபம், எழுதியவருக்குத் தன் கை கட்டப்படுகிறது என்ற கோபம். ஆனால் அவர்கள் சண்டையை ஒருவருக்கொருவர் எழுதினார்கள். நான் என் குறையை மூன்றாவது ஆளிடம், அடுத்தவர் குறையாக மாற்றிச் சொன்னேன்.

இப்போது பார்வை, உணர்வு, நீளம், யாருக்கு என்ன தெரியும், எங்கே முடிகிறது என்பவற்றைச் சொல்லிவிட்டு, அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை எழுதுகிறவருக்கு விடுகிறேன். 250 சொற்களுக்குமேல் போனால் நிறுத்திக்கொள்கிறேன். எதையாவது எழுத முடியாமல் பேனா நின்றால், அதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். 'இது எனக்கே தெரியவில்லை, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்' என்று குறிப்பிலேயே எழுதுகிறேன். அந்த வரியை எழுதுவது இன்றும் எளிதாக இல்லை.

ஆசிரியரைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. இரண்டாம் பதிப்பில் இருவர் பெயரும் வந்திருக்கிறது. அதற்கு முன்பு அந்த இணை எழுத்தாளரிடம் போனில் பேசினேன். குடத்தைப் பற்றியும், ஆசிரியரிடம் சொன்னதைப் பற்றியும், அடகை மறைத்ததைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். அவர் நடுவில் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதாகவும், எழுதுவதில்லை என்றும் சொன்னார்.

"எனக்குத்தான் வரலேன்னு நெனைச்சுட்டேன் சார்" என்றார்.

பிறகு, "அந்த நாலும் உங்ககிட்ட இருக்கா? நான் அன்னிக்கே அழிச்சிட்டேன். மூணாவதை மட்டும் இன்னொரு தடவை படிக்கணும்போல இருக்கு" என்றார்.

நான்கையும் அன்றிரவே அனுப்பினேன். என் மூன்று வரிக் குறிப்பையும், திருத்தாமல், எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்து.